கவுனி அரிசிப் பையில் ஒரு சின்ன அட்டை: கடையில் வாங்கியவர் மறுபடி நம்மிடம் வர

டெல்டாவில் மரபு அரிசி விற்கும் பலருக்கும் ஒரே நிலைமைதான். கும்பகோணத்தில் ஒரு கடையில் கருப்புக் கவுனி ஒரு கிலோ வாங்கிப் போனவர் யார், அதைச் சமைத்தாரா, பிடித்ததா என்று விளைவித்தவருக்குத் தெரியவே தெரியாது. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் ஸ்டால் போட்டாலும் இதே கதைதான். பை கைமாறியதோடு ஆள் மறைந்துவிடுகிறார். அந்த ஆளைத் திரும்பக் கண்டுபிடிக்க மலிவான வழி, பையோடு போகும் ஓர் அட்டையும் அதிலுள்ள கியூஆர் கோடும்தான். மன்னார்குடிப் பக்கம் கவுனி பயிரிட்டு, கும்பகோணத்தில் ஒரு கடைக்கும் தஞ்சாவூரில் ஒரு கடைக்கும் போடும் அக்கா ஒருவரை மனதில் வைத்து, முதலிலிருந்து செய்து பார்ப்போம்.

முதலில் அட்டையில் என்ன எழுதுவது

பெரும்பாலான அட்டைகளில் "எங்களைப் பின்தொடருங்கள்" என்று இருக்கும். பக்கத்திலேயே இன்ஸ்டாகிராம், பேஸ்புக், யூடியூப் என்று மூன்று கோடுகள் வரிசையாக நிற்கும். வாங்கியவர் அதை எதற்காக ஸ்கேன் செய்ய வேண்டும்? அவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

கவுனியை முதல்முறை வாங்கியவருக்குச் சமையலறையில் ஒரு திகைப்பு காத்திருக்கிறது. அரிசியைக் கழுவினால் தண்ணீர் கருநீலமாக வருகிறது. சாயம் பூசி ஏமாற்றிவிட்டார்களோ என்ற பயம் உடனே வரும். அரிசியின் மேல்தவிட்டில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறமி தண்ணீரில் கரைவதுதான் அது. நாவல்பழத்துக்கு நிறம் தருவதும் அதே வகை நிறமிதான். அடுத்த சிக்கல் வேகாமல் போவது. பொன்னி அரிசி மாதிரி உடனே அடுப்பில் வைத்தால் கவுனி விறைப்பாகவே நிற்கும். முந்தின இரவே ஊற வைக்க வேண்டும், தண்ணீரும் கூடுதலாக வேண்டும். இது தெரியாமல் ஒருமுறை சமைத்தவர் "நமக்கு ஒத்துவராது" என்று மீதியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவார். மறு ஆர்டர் அங்கேயே போய்விடுகிறது.

ஆகவே அட்டையின் தலைப்பு இப்படி இருக்கட்டும்:

"கழுவினால் தண்ணீர் கறுப்பாக வருகிறதா? அது சாயம் இல்லை. கவுனி சமைக்கும் அளவும் முறையும் உங்கள் வாட்ஸ்அப்பில் கிடைக்கும், ஸ்கேன் செய்யுங்கள்."

கீழே ஒரே ஒரு கோடு. அதற்கும் கீழே, ஸ்கேன் செய்யத் தெரியாதவருக்காக, போன் நம்பர் பெரிய எழுத்தில். பல வீடுகளில் அரிசியை ஊற வைப்பது அம்மா, ஸ்கேன் செய்வது பிள்ளை. பிள்ளை வீட்டில் இல்லாதபோது நம்பர்தான் உதவும். "இரவே ஊற வைக்கவும்" என்ற ஒரு வரியை மட்டும் அட்டையிலேயே அச்சடித்துவிடுங்கள். காலையில் ஸ்கேன் செய்து அதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

கோடு எங்கே கொண்டுபோக வேண்டும்

நேராக வாட்ஸ்அப்புக்கு. இணையதளத்துக்கு வந்தவர் படித்துவிட்டுப் போய்விடுவார், அவர் யாரென்று நமக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் அவர் ஒரு மெசேஜ் அனுப்பியதும் அவர் நம்பர் நம்மிடம் வந்துவிடும், பேச்சும் அவரே தொடங்கியதாக இருக்கும். சொந்த நம்பரில் இதைச் செய்ய வேண்டாம். தனி சிம் ஒன்றை வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பைப் போடுங்கள். ஆப் இலவசம்.

பிறகு இந்த லிங்க்கை எழுதுங்கள். X இருக்கும் இடத்தில் உங்கள் பத்து இலக்க நம்பர்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=KAVUNI-K1
```

இதைத் தொட்டால் உங்கள் சாட் திறக்கும், KAVUNI-K1 என்ற சொல் ஏற்கெனவே தட்டச்சாகி இருக்கும். வாங்கியவர் அனுப்பு பொத்தானை அழுத்தினால் போதும். K1 என்பது கும்பகோணக் கடை. தஞ்சாவூர்க் கடைக்கு T1, நெல் திருவிழாவுக்கு N1 என்று தனித்தனி லிங்க், தனித்தனி அட்டை. யார் எங்கே வாங்கினார் என்று நாம் கேட்காமலே தெரிந்துவிடும்.

"கருப்புக் கவுனி சமையல் குறிப்பு வேண்டும்" என்று தமிழிலேயே அந்த மெசேஜை வைக்கலாமே என்று தோன்றும். ஆசை நியாயமானது, ஆனால் இங்கே அது காலை வாரும். லிங்க்குக்குள் போகும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தும், அதன் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக, ஒன்பது குறிகளாக மாறுகின்றன. KAVUNI-K1 வைத்த லிங்க் 41 குறிகள். அதன் கோடு 29-க்கு 29 கட்டங்களில் அடங்கிவிடும். அந்தத் தமிழ் வாக்கியத்தை வைத்தால் லிங்க் 360 குறிகளைத் தாண்டும். கோடு 77-க்கு 77 கட்டங்களாகிவிடும். அதே இரண்டரை சென்டிமீட்டர் சதுரத்தில் ஒவ்வொரு கட்டமும் பாதிக்கும் குறைவாகச் சிறுத்துப்போகும். புது போன் அதைப் படித்துவிடும். கீறல் விழுந்த கேமரா உள்ள பழைய போன் சமையலறை வெளிச்சத்தில் திணறும். தமிழை அட்டையின் தலைப்பிலும் நம் பதிலிலும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், கோட்டுக்குள் வேண்டாம்.

இந்த லிங்க்கை ஒரு கியூஆர் ஜெனரேட்டர் தளத்தில் கொடுத்துக் கோடு உருவாக்கும்போது ஸ்டாடிக் வகையையே தேர்ந்தெடுங்கள். லிங்க் அந்தக் கட்டங்களிலேயே எழுதப்பட்டிருப்பதால் அது காலாவதி ஆகாது. டைனமிக் வகை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போய்வரும். இலவசக் காலம் முடிந்ததும் அவர்கள் நிறுத்தினால், கடையில் இருக்கும் அத்தனை அட்டையும் வீண். பிழை திருத்த அளவு கேட்டால் M போதும். அது கோட்டில் சுமார் 15 சதவீதம் அழிந்தாலும் படிக்க வைக்கும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது

கோட்டை SVG அல்லது PDF கோப்பாக இறக்கி, மெயிலில் அச்சகத்துக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் ஓரங்கள் மங்கிவிடும். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு, இரண்டரை சென்டிமீட்டர் அகலம், நாலு பக்கமும் நாலு கட்ட அளவுக்கு வெற்றிடம். டிசைன் போடுபவர் அழகுக்காக ஒரு பார்டரை அந்த வெற்றிடத்துக்குள் கொண்டுவந்துவிடுவார். அதைக் கட்டாயம் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். பளபள லேமினேஷன் டியூப்லைட்டைப் பிரதிபலிக்கும், மேட் கேளுங்கள்.

மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரே ஒரு அட்டையை அச்சடித்து வாங்கி, வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில், இரவு விளக்கில் ஸ்கேன் செய்து பாருங்கள். சட்டென்று பிடிக்காவிட்டால் கோட்டைப் பெரிதாக்குங்கள்.

அட்டையை அரிசிக்குள் போடாதீர்கள். அச்சு மை உணவைத் தொடக் கூடாது. ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம், கழன்று அரிசியில் விழுந்தால் பெரிய வம்பு. துணிப்பை என்றால் வாய் கட்டும் நூலில் கோத்துவிடலாம், பிளாஸ்டிக் கவர் என்றால் பின்பக்கம் ஒட்டும் லேபிளாகவே அச்சடிக்கலாம். எடை, விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் பையின் மேல் லேபிளில்தான் இருக்க வேண்டும். அட்டை அதற்கு மாற்று ஆகாது.

மெசேஜ் வந்ததும்

வாட்ஸ்அப் பிசினஸில் Greeting message என்ற வசதி உண்டு. முதல்முறை எழுதுபவருக்குத் தானாகப் பதில் போகும். அதில் வாக்குக் கொடுத்ததை முதலில் கொடுங்கள்: நிறம் பற்றி இரண்டு வரி, ஊறும் நேரம், கஞ்சிக்கும் சாதத்துக்கும் தண்ணீர் அளவு. இந்த அளவை எங்கிருந்தோ எடுத்து எழுதாமல், உங்கள் வயல் அரிசியை உங்கள் குக்கரில் வேகவைத்துப் பார்த்து எழுதுங்கள். பழைய அரிசி குடிக்கும் தண்ணீரும் புது அரிசி குடிக்கும் தண்ணீரும் வேறு.

கடைசி வரியில் இரண்டு விஷயம் கேளுங்கள். "வாரத்துக்கு எத்தனை முறை சமைப்பீர்கள்?" என்பது ஒன்று. "இந்த நம்பரைச் சேமித்து வைத்தால் அடுத்த அறுவடைச் செய்தி உங்களுக்கு வரும், சேர்த்துக்கொள்ளட்டுமா?" என்பது மற்றொன்று. சேமிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பும் மெசேஜ் நம் நம்பரைச் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். சரி என்றவரை மட்டும் சேர்த்து, அவர் நம்பரையும் "கவுனி K1" என்று பெயரோடு சேமித்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் சேமித்திருந்தால்தான் நம் ஸ்டேட்டஸ் அவருக்குத் தெரியும். நாற்றங்கால், நடவு, கதிர் முற்றுவது, தை மாத அறுப்பு என்று வயல் படங்களை அதில் போட்டுவந்தால், பின்தொடர்வது என்பது தனியாகக் கேட்காமலே நடந்துவிடும்.

இனி மறு ஆர்டர். ஒரு வீட்டில் வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 300 கிராம், ஒரு கிலோ சுமார் 23 நாள் வரும். கூரியருக்கு மூன்று நான்கு நாள் கழித்தால், வாங்கிய பத்தொன்பதாம் நாள் வாக்கில் ஒரு மெசேஜ் போக வேண்டும். "கஞ்சி எப்படி வந்தது அக்கா? இன்னொரு கிலோ வேண்டுமானால் 1 என்று அனுப்புங்கள்." அவ்வளவுதான். பதில் இல்லையென்றால் மறுபடி துரத்த வேண்டாம், தொந்தரவு என்று பிளாக் செய்துவிடுவார்கள்.

கடைக்காரரிடம் முதலிலேயே பேசுங்கள்

இதைச் செய்யாமல் அட்டை போட்டால் மொத்தமும் குலைந்துவிடும். "என் கடையில் வாங்கினவரை நேரா உங்ககிட்ட இழுக்கிறீங்களா?" என்று கடைக்கார அண்ணன் கேட்டால் அது நியாயமான கேள்வி. அட்டையைப் பார்த்ததும் சரக்கை உள்ளே தள்ளிவைக்கவும் செய்வார்.

அதனால் K1 என்று வருபவர் கும்பகோணத்துக்காரர் என்றால், மறு ஆர்டரை அதே கடைக்கு அனுப்பிவையுங்கள்: "கடையில் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன், வாங்கிக்கொள்ளுங்கள்." கோயிலுக்கு வந்த சென்னைக்காரர் அல்லது கோயம்புத்தூர்க்காரர் என்றால் நேராக கூரியர். அந்த முதல் ஆர்டருக்கும் கடைக்காரருக்கு ஒரு சிறு பங்கு கொடுத்துவிடுங்கள், கணக்கு K1 குறியிலேயே இருக்கிறது. அட்டையில் தள்ளுபடி எதுவும் அச்சடிக்காதீர்கள். கடை விலையைவிடக் குறைத்து நேரில் கொடுத்தால் எந்தக் கடையும் உங்கள் பையை முன்வரிசையில் வைக்காது.

கணக்குப் பார்ப்பது

ஒரு நோட்டில் மூன்று பத்தி போதும்: எந்தக் குறியில் எத்தனை அட்டை போனது, எத்தனை மெசேஜ் வந்தது, அதில் எத்தனை பேர் மறுபடி வாங்கினார்கள். உதாரணமாக K1-இல் 200 பை விற்று 20 மெசேஜும், T1-இல் 200 விற்று 3 மெசேஜும் வந்தால் சிக்கல் அட்டையின் வாசகத்தில் இல்லை, வாசகம் இரண்டிலும் ஒன்றுதான். தஞ்சாவூர்க் கடைக்கே போய் ஒரு பையை எடுத்துப் பாருங்கள். பில் ஸ்டிக்கரைக் கோட்டின் மேலேயே ஒட்டியிருக்கலாம், அட்டை கழன்று மூட்டைக்கு அடியில் கிடக்கலாம். இரண்டு கடையிலும் மெசேஜ் நன்றாக வந்து மறு ஆர்டர் மட்டும் வரவில்லையென்றால் அட்டையைத் தொடாதீர்கள். மெசேஜ் அனுப்பிய ஐந்து பேருக்குப் போன் போட்டு, அரிசி எப்படி வெந்தது என்று கேளுங்கள். தண்ணீர் அளவை மாற்றி எழுத வேண்டியிருக்கலாம், அல்லது வண்டு விழுந்திருக்கலாம். வண்டுதான் காரணம் என்றால் பதிலில் ஒரு வரி கூட்டுங்கள்: பையைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி, ஈரம் படாத இடத்தில் வைக்கவும்.