பிரிவு உபசார விழாவில் புதியவரை அறிமுகப்படுத்துவது எப்படி?

"இவருடைய இடத்தை யாராலும் நிரப்ப முடியாது" என்று உருக்கமாகச் சொல்லி முடித்தேன். அடுத்த வரியே, "அந்த இடத்துக்கு வந்திருப்பவரை மேடைக்கு அழைக்கிறேன்!" அரங்கில் ஒரே சிரிப்பு. புதியவரும் சிரித்தார். ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்து வர அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதன்பிறகு இரண்டு விழாக்களைத் தொகுத்துவிட்டேன், இந்தத் தவறு திரும்ப நடக்கவில்லை. எப்படிச் செய்தேன் என்று எழுதி வைக்கிறேன். இடம் பிடிப்பது, மைக் பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. முந்தைய நாளே இருவரிடமும் பேசுங்கள்

விடைபெறுபவரிடம் கேட்க வேண்டியது: "புதியவரை நீங்களே அறிமுகப்படுத்துகிறீர்களா?" அவர் வாயால் வரும் வரவேற்புக்கு இணை கிடையாது. ஆனால் இதை மேடையில் வைத்துத் திடீரென்று கேட்காதீர்கள், மறுக்க வழியில்லாமல் மாட்டிக்கொள்வார். விருப்பமில்லாமல் பதவியை விட்டுப் போகிறவரிடம் கேட்கவே வேண்டாம். அப்போது மேலதிகாரியோ நீங்களோ செய்வதுதான் நல்லது.

புதியவரிடம் பெயரை எப்படி உச்சரிப்பது, பதவியின் சரியான பெயர் என்ன, இதற்கு முன் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் போதும். முழு சுயவிவரத்தையும் வாங்கிக்கொண்டால் மேடையில் அதையே படித்துக்கொண்டிருப்பீர்கள்.

2. நிகழ்ச்சியில் எங்கே வைப்பது

45 நிமிட விழா என்றால் நான் 30-வது நிமிடத்தை ஒட்டி வைக்கிறேன். முதலில் பாராட்டுரைகள், பிறகு அறிமுகம், புதியவர் ஒரு நிமிடம் பேசுவது, நினைவுப் பரிசு, கடைசியாக விடைபெறுபவரின் ஏற்புரை. தொடக்கத்திலேயே அறிமுகம் செய்தால், வழியனுப்ப வந்தவர்கள் "அதற்குள் ஆள் வந்தாச்சா?" என்று முகம் சுளிப்பார்கள். ஏற்புரைக்குப் பின் வைத்தால் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள், புதியவர் பேசுவது யார் காதிலும் விழாது. கடைசிச் சொல் போகிறவருடையதாகவே இருக்கட்டும்.

3. மூன்று வாக்கியங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். ஒருவரைப் புகழ்ந்து முடித்துவிட்டு இன்னொருவருக்குத் தாவினால் அங்கே ஒப்பீடு தானாக வந்துவிடும். அதற்குப் பதிலாக, போகிறவர் செய்து வைத்த வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாகப் புதியவரிடம் வர வேண்டும். ஒரு கணக்குப் பிரிவுத் தலைவரின் விழாவில் நான் சொன்னது:

"மாதக் கணக்கை 5-ம் தேதிக்குள் முடிக்கும் பழக்கத்தை இந்தப் பிரிவுக்குக் கொண்டுவந்தவர் நம் தலைவர். அந்த வேலையை மூன்று வாரமாக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்து வருகிறார், திங்கட்கிழமை பொறுப்பேற்கப் போகும் நம் புதிய தலைவர். தணிக்கைத் துறையில் 9 ஆண்டுகள் வேலை பார்த்தவர், வாருங்கள்!"

முதல் வாக்கியம் முழுக்கப் போகிறவருக்கு. இரண்டாவதில் இருவரும் ஒன்றாக வருகிறார்கள். மூன்றாவது புதியவருக்கு மட்டும். "அவரைப் போலவே", "அவரைவிட" எதுவும் இல்லை. "புது ரத்தம்" என்ற சொல்லையும் தவிருங்கள், பழையது கெட்டுப்போனது என்று அர்த்தமாகிவிடும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை: இதைப் போகிறவர் காதால் ஒருமுறை படியுங்கள், பிறகு புதியவர் காதால். யாருக்காவது எந்தச் சொல்லாவது நெருடினால் எடுத்துவிடுங்கள்.

இதை நான் சின்ன அட்டையில்தான் எழுதிக்கொள்கிறேன். கைப்பேசியைப் பார்த்துப் படித்தால் நடுவில் திரை அணைந்துவிடும், அதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது பேச்சின் உயிர் போய்விடும்.

4. புதியவர் என்ன பேசலாம்

நன்றி, போகிறவரிடம் கற்றுக்கொண்ட ஒரு விஷயம், வாழ்த்து. அவ்வளவுதான். எதிர்காலத் திட்டங்களை அவருடைய முதல் கூட்டத்தில் சொல்லிக்கொள்ளட்டும். இதை முந்தைய நாளே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட ஒரு விழாவில் பத்து நிமிடம் சீர்திருத்தம் பற்றிக் கேட்டோம், போகிறவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்சேர்க்கை: "அதே பதவிக்கு எங்கள் குழுவிலேயே இன்னொருவர் ஆசைப்பட்டிருந்தார், அவரும் அரங்கில் இருப்பார், என்ன செய்வது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தேர்வு எப்படி நடந்தது, எத்தனை பேரில் இவர் தேர்வானார் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். "மிகத் தகுதியானவர்" என்பதும் வேண்டாம், அது கிடைக்காதவரைக் குத்தும். மேலே சொன்ன மூன்று வாக்கியங்களில் தேர்வு பற்றி ஒரு சொல்லும் இல்லை பாருங்கள், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பாராட்டுரை வழங்குபவர்களில் ஒருவராக அவரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.