தடுப்பூசி அட்டையோடு நாடு மாறும்போது

கைக்குழந்தையோடு வந்திறங்கியவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். பழைய தடுப்பூசி அட்டையிலுள்ள தேதிகளை, மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதி, ஒரு நோட்டில் படியெடுங்கள். அட்டையில் 05/06/25 என்று இருந்தால் நமக்கு அது ஜூன் 5. மாதத்தை முதலில் எழுதும் நாட்டில் அதுவே மே 6.

ஓர் எடுத்துக்காட்டு. குழந்தை பிறந்தது 2025 மார்ச் 27. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியை 6, 10, 14 வாரங்களில் போடும் முறைப்படி, முதல் ஊசி மே 8, இரண்டாவது ஜூன் 5. ஜூலை 3 அன்று போட வேண்டிய மூன்றாவது, பயணத்தால் தள்ளிப்போய்விட்டது. ஜூலை 17 அன்று புதிய மருத்துவமனையில் அட்டையை நீட்டுகிறீர்கள். மாதத்தை முதலில் படிப்பவருக்கு முதல் ஊசியின் தேதி இன்னும் வராத ஆகஸ்ட் 5. இரண்டாவதோ பிறந்த 40ஆம் நாளே போட்டதாகத் தெரியும். 6 வாரம் நிறையுமுன் போட்டது செல்லாது என்று, போட்ட ஊசியையே திரும்பப் போடச் சொல்லலாம். "5 ஜூன் 2025" என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வராது.

தள்ளிப்போன ஊசிக்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இந்த ஊசிகளுக்கு இடையே குறைந்தது 4 வாரம் வேண்டும். இங்கே 6 வாரம் ஆகிவிட்டது. ஆனால் புதிய நாட்டின் அட்டவணை 2, 4, 6 மாதம் என்று இருக்கலாம். அதனால் அடுத்த தேதியை அங்குள்ள செவிலியரே சொல்லட்டும்.

நினைவூட்டலில் பலர் தவறுவதும் இங்கேதான். பிறந்த தேதியை வைத்து எல்லா ஊசிகளுக்கும் ஒரேயடியாகப் போனில் நினைவூட்டல் வைத்துவிடுகிறார்கள். ஒன்று தள்ளிப்போனால் மற்றவை நகராமல் நின்றுவிடும், இடைவெளி குறைந்துபோகும். ஒவ்வொரு ஊசியும் போட்டு முடித்த அன்றே, செவிலியர் சொன்ன அடுத்த தேதிக்கு மட்டும் இரண்டு நினைவூட்டல் வையுங்கள்: அப்பாயின்ட்மென்ட் வாங்க மூன்று வாரம் முன்பு ஒன்று, முதல் நாள் மாலை ஒன்று.

நோட்டில் ஓர் ஊசிக்கு ஒரு வரி போதும்: தேதி, மருந்துப் புட்டியில் உள்ள பெயர், எத்தனையாவது தவணை, பேட்ச் எண், போட்ட இடம், பிறகு காய்ச்சல் வந்ததா என்பது. பெயரைச் சுருக்காதீர்கள். "மூன்றாவது ஊசி" என்று மட்டும் எழுதினால் எந்த நோய்க்கு என்று அடுத்தவருக்குத் தெரியாது.

தட்டம்மை ஊசியை 9 மாதத்தில் போட்டிருந்தால் அதையும் தவறாமல் காட்டுங்கள். ஒரு வயதுக்கு முன் போட்டதைப் பல நாடுகளில் கணக்கில் சேர்ப்பதில்லை, ஒரு வயதுக்குப் பிறகு மறுபடி போடச் சொல்வார்கள். குறைமாதக் குழந்தைக்கும் ஊசிக்கான வயதைப் பொதுவாகப் பிறந்த தேதியிலிருந்தே எண்ணுவார்கள். வளர்ச்சியைப் பார்க்கும்போது மட்டும் பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ணுவது உண்டு.

எடை, நீளம், தலைச் சுற்றளவு பார்க்கும் பரிசோதனைக்குச் சில இடங்களில் தனி அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டியிருக்கும். ஊசி போட்டாயிற்று என்று அதை விட்டுவிடாதீர்கள். பதிவு செய்யும்போதே, இரண்டும் ஒரே நாளில் நடக்குமா என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.