ஜெனரேட்டரில் செல்ஃப் எடுக்கவில்லையா? புதுப் பேட்டரி வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளிலும் மரக்கிளைகள் மின்கம்பிகளின் மேல் விழுந்து கரண்டு போவது வழக்கம் என்பதால், பெட்ரோல் ஜெனரேட்டர் இங்கே பல கடைகளிலும் வீடுகளிலும் இருக்கிறது. ஆனால் ஜனவரியிலிருந்து மே வரை அதை யாரும் தொடுவதில்லை. ஜூன் மாதம் முதல் மழையில் சாவியைத் திருப்பும்போது, எஞ்சின் சுற்றாமல் ரிலேயின் ‘டக் டக்’ ஓசை மட்டும் கேட்கிறது. உடனே பலரும் செய்வது புதுப் பேட்டரி வாங்குவதுதான். பெரும்பாலும் அதுவே முதல் தவறு.

மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு பேக்கரியில் அப்படித்தான் 9 ஏஎச், அதாவது 9 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஒன்றை மாற்றினார்கள். புதியதும் இரண்டு மாதத்தில் இறங்கிவிட்டது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, ஓய்வு நிலையில் பேட்டரி 12.1 வோல்ட் காட்டியது. முழுமையாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி 12.7 வோல்ட் அளவுக்குக் காட்ட வேண்டும். ஓய்வு நிலை அளவை மட்டும் நம்புவதும் தவறே. செல்ஃப் சுற்றும் நொடியில் மின்னழுத்தம் எவ்வளவு விழுகிறது என்பதுதான் பேட்டரியின் உண்மையான நிலையைச் சொல்லும். அது ஏறக்குறைய 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. இங்கே 7.8 வரை விழுந்தது. இரவு முழுவதும் தனிச் சார்ஜரில் போட்டு, கழற்றிச் சில மணி நேரம் வைத்துவிட்டுப் பார்த்தபோது 12.7 இருந்தது, சுற்றும்போது 10.6 நின்றது. ஆகவே பேட்டரியில் குறை இல்லை; அதற்கு மின்சாரம் வந்து சேரவில்லை என்பதே குறை.

ஃப்ளைவீலுக்கு அடியில் உள்ள சார்ஜிங் காயில் மாறுமின்னோட்டத்தை உண்டாக்குகிறது; ரெக்டிஃபயர் அதை நேர்மின்னோட்டமாக்கி, ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு அனுப்புகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளவு ஓய்வு நிலையைவிட உயர்ந்து, பொதுவாக 13.5 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். இந்தச் சோதனையை இறங்கிப்போன பேட்டரியோடு செய்தால், காயில் நன்றாக இருந்தாலும் அளவு மெதுவாகவே ஏறும். அதைப் பார்த்துக் காயிலைக் குறை சொல்லிவிடக் கூடாது. எனவே சார்ஜ் ஏற்றிய பேட்டரியை வைத்தே பார்க்க வேண்டும். பேக்கரி ஜெனரேட்டரில் எஞ்சின் ஓடியும் 12.6 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை.

ஃபியூஸ் சரியாக இருந்தது. பிறகு எஞ்சினை நிறுத்தி, காயிலிலிருந்து ரெக்டிஃபயருக்குச் செல்லும் பிளக்கைக் கழற்றி, மீண்டும் ஓடவிட்டு, காயில் பக்கத்து இரண்டு கம்பிகளையும் மீட்டரின் ஏசி வோல்ட் நிலையில் அளந்தார்கள். பலர் மீட்டரை டிசி நிலையிலேயே விட்டுவிட்டு, எதுவும் காட்டவில்லை என்று காயிலையே மாற்றிவிடுகிறார்கள். இங்கே ஏசி மின்னழுத்தம் வந்தது. காயில் உயிரோடு இருந்தது. ரெக்டிஃபயருக்கு அப்பால்தான் எதுவும் வரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கும் பழக்கம் அங்கே இருந்தது. ரெக்டிஃபயர் எரிய அதுவே போதும். ஏசி மின்னழுத்தம் அறவே வராதிருந்தால், எஞ்சினை நிறுத்திக் காயிலின் மின்தடையை அளந்து, சுற்று எங்கேனும் அறுந்திருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

ரெக்டிஃபயரை மாற்றிய பிறகும் ஒரு தவறான நம்பிக்கை மிஞ்சியிருந்தது: மாதம் ஒருமுறை கால் மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடும் என்பது. சிறிய ஜெனரேட்டரின் காயில் கொடுப்பது ஏறக்குறைய 1 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், கால் மணி நேரத்தில் கிடைப்பது கால் ஏஎச் மட்டுமே. ஒரு முறை ஸ்டார்ட் செய்யச் செலவானதையும், அந்த மாதத்தில் தானாகக் கசிந்ததில் ஒரு பகுதியையும் அது ஈடுசெய்யும். பாதி இறங்கிய 9 ஏஎச் பேட்டரியை மீட்க ஐந்தாறு மணி நேரம் ஓட வேண்டியிருக்கும். அந்தப் பெட்ரோல் செலவு வீண். நம் ஊர் வெயிலில் கசிவும் கூடுதலாக இருக்கும்.

ஆகவே மாதம் ஒருமுறை, வீட்டில் கரண்டு இருக்கும்போதே, ஏறக்குறைய 1 ஆம்பியர் தரும் தானியங்கிச் சார்ஜரில் இரவு முழுவதும் போடுவதே சிறந்த வழி. கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரை இதில் மாட்டினால், மூடிய பேட்டரி சூடாகி உப்பிவிடும். அது மூடிய வகை என்பதால் தண்ணீர் ஊற்ற முயலவும் கூடாது. 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜரில் போட்டாலும் முழுத் திறன் திரும்பாது. பயன்படுத்தாத காலத்தில் சாவியை ஆஃப் நிலையில் வைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடலாம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் முனைகள் பச்சை பூக்கும் என்பதால், அவற்றைத் துடைத்து வாசலின் பூசி வைக்க வேண்டும்.