13(2) நோட்டீஸ் வந்தால் 60 நாளை எங்கிருந்து எண்ணுவது?

வீட்டுக் கடன் தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால், வங்கி அந்தக் கணக்கை வாராக்கடனாக வகைப்படுத்திவிடும். அதன்பிறகு தபாலில் வரும் கடிதத்தில் ‘சர்ஃபேசி சட்டம் 2002, பிரிவு 13(2)’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அது பெரும்பாலும் நினைவூட்டலோ வக்கீல் நோட்டீஸோதான். அதில் 7 நாள், 15 நாள் என்று போட்டிருந்தால் அது வங்கி தானாக வைத்த கெடு. 13(2) என்று இருந்தால் கெடு வைத்திருப்பது சட்டம்: கடன் கட்டாதபோது நீதிமன்றத்துக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம்.

கடனைக் கட்ட அது தரும் கெடு 60 நாள். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. சட்டத்தில் இருப்பது ‘நோட்டீஸ் தேதியிலிருந்து’ என்ற சொல். ஒரு நோட்டீஸில் மார்ச் 3 என்று தேதி போட்டிருக்கிறது, தபால்காரர் மார்ச் 11 அன்று கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 4-ஐ முதல் நாளாகக் கொண்டால் மார்ச்சில் 28, ஏப்ரலில் 30, ஆக 58; அறுபதாவது நாள் மே 2. கைக்கு வந்த தேதியை வைத்து எண்ணியவர் மே 10 வரை நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார். சில வங்கிகள் ‘கிடைத்த நாளிலிருந்து’ என்றே எழுதுவதுண்டு. அப்படி எழுதியிருந்தாலும் முந்தைய தேதியை மனதில் வைத்து நடப்பதே பாதுகாப்பு. தபால் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். எப்போது வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்த குழப்பம் தொகையில். மாதத் தவணை 21,000 ரூபாய், 4 தவணை பாக்கி, மொத்தம் 84,000 என்று கடன்காரர் கணக்கு வைத்திருப்பார். நோட்டீஸிலோ 18,40,000 ரூபாயும் ‘செலுத்தும் நாள் வரையிலான வட்டியும்’ என்று இருக்கும். இது அச்சுப் பிழையல்ல. 13(2) கேட்பது பாக்கித் தவணையை அல்ல, முழுக் கடனையும். 9 சதவீத வட்டி என்றால் அந்தத் தொகைக்கு நாளொன்றுக்குச் சுமார் 454 ரூபாய் ஏறும், 60 நாளில் 27,000-க்கு மேல். ஆகவே நோட்டீஸில் உள்ள எண்ணை அப்படியே கட்டினால் கணக்கு தீராது. கட்டப்போகும் நாளுக்கான தொகையை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முழுக் கடனையும் கட்ட முடியாதவர்கள் பாக்கியை மட்டும் கட்டிக் கணக்கைச் சீராக்கப் பார்ப்பார்கள். வழி இருக்கிறது. ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி அசல், வட்டி என்று நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் கணக்கு வாராக்கடன் வகையிலிருந்து வெளியே வரும். 60 நாளுக்குள் இன்னும் 2 தவணை சேர்ந்திருக்கும் என்பதை மறந்து 84,000-ஐ மட்டும் கட்டுபவர் அதே இடத்தில்தான் நிற்பார். இடையில் 20,000, 30,000 என்று போடுவதாலும் 60 நாள் ஓட்டம் நிற்காது. வங்கி பணத்தை வாங்கிக்கொண்டது என்பதற்காக நடவடிக்கையைக் கைவிட்டதாக அர்த்தமில்லை. நிலுவை தீர்ந்தபின், நோட்டீஸைத் திரும்பப் பெற்றதாகக் கடிதம் கேளுங்கள்.

தொகையே தவறு, கட்டிய தவணை வரவு வைக்கப்படவில்லை என்றால் கிளை மேலாளரிடம் போய்ப் பேசிவிட்டு வருவது போதாது. பிரிவு 13(3A)-இன்படி எழுத்தில் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். கிடைத்த 15 நாளுக்குள் வங்கி அதைப் பரிசீலித்து, ஏற்காவிட்டால் காரணத்தைத் தெரிவித்தாக வேண்டும். இந்த உரிமையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. மே 2 கெடு என்றால் மார்ச் கடைசிக்குள் அனுப்புங்கள். பதில் வந்தபின் பணம் புரட்ட நாள் மிஞ்சும். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், எது விடுபட்டது என்று கணக்கு அறிக்கையின் வரிகளைச் சுட்டிக்காட்டி, கொடுக்கப்பட்டதற்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

வங்கியின் மறுப்பு பிடிக்கவில்லை என்று உடனே கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு ஓட முடியாது. அந்தக் கதவு திறப்பது 60 நாள் கழிந்து, 13(4)-இன்படி வங்கி சொத்தைச் சுவாதீனம் எடுப்பது போன்ற நடவடிக்கையில் இறங்கியபின்தான். அந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மனு போட வேண்டும். இந்த 45-ஐயும் முந்தைய 60-ஐயும் சேர்த்து ‘105 நாள் இருக்கிறது’ என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு நோக்கத்துக்கானவை: முதலாவது கட்டுவதற்கு, இரண்டாவது வழக்காடுவதற்கு.

பணம் திரட்ட அந்த வீட்டையே விற்கலாம் என்று நினைத்தால், முதலில் வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் வாங்குங்கள். நோட்டீஸ் கிடைத்தபின் சம்மதமின்றி விற்பதையும் குத்தகைக்கு விடுவதையும் 13(13) தடுக்கிறது. வாய்மொழியாக மேலாளர் ‘சரி’ என்றால் அது சம்மதம் ஆகாது.