பெயரை மாற்றினால் வெப்பி ஜேபிஜி ஆகிவிடாது

தண்டையார்பேட்டை டி.எச். ரோட்டில் எங்கள் ஜெராக்ஸ் கடை. இரண்டு கணினி போட்டிருக்கிறோம், தேர்வு விண்ணப்பம், கல்லூரி விண்ணப்பம் எல்லாம் போடத்தான் பெரும்பாலும் வருவார்கள். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் சாயங்காலம் கூட்டம் தாங்காது. அந்த நேரத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்வது ஒரே புகார்தான்: "போட்டோ ஏற மாட்டேங்குது". எடுத்துப் பார்த்தால் கோப்பின் பெயர் .webp என்று முடியும், அதாவது வெப்பி என்கிற பட வகை. படிவமோ ஜேபிஜி அல்லது பிஎன்ஜி மட்டும்தான் வாங்கும்.

உடனே எல்லோரும் செய்வது, கோப்பின் மேல் வைத்து F2 அமுக்கி .webp என்பதை அழித்துவிட்டு .jpg என்று அடிப்பது. விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டும், சரி என்று அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இந்தத் தவறைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன், ஏனென்றால் இது சில நேரம் வேலை செய்வதுபோல் தெரியும். அதுதான் ஆபத்து.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தங்கச்சி வந்தார். ஸ்டுடியோக்காரர் பிரிண்ட்டோடு ஒரு லிங்க்கும் கொடுத்திருக்கிறார், அதைத் திறந்து படத்தை இறக்கியிருக்கிறார், வெப்பியாக வந்திருக்கிறது. வீட்டிலேயே பெயரை மாற்றி படிவத்தில் ஏற்றினார், ஏறிவிட்டது. இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து, "அண்ணா, பிரிவியூல என் முகம் நல்லாத் தெரிஞ்சுது, ஆனா டவுன்லோட் பண்ண அப்ளிகேஷன்ல போட்டோ பெட்டி காலியா இருக்கு" என்றார். பணம் கட்டி முடித்தாயிற்று. நல்லவேளை, திருத்தம் செய்யத் தனியாக நாள் கொடுத்திருந்தார்கள்.

ஏன் அப்படி ஆகிறது என்றால், கோப்பின் பெயர் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. படிவத்தில் முதலில் நடக்கும் சோதனை பல இடங்களில் பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும்தான் பார்க்கும். .jpg என்றிருந்தால் உள்ளே விட்டுவிடும். பிரிவியூ காட்டுவது உங்கள் பிரவுசர், அதற்கு வெப்பி நன்றாகத் தெரியும், பெயர் என்னவாக இருந்தாலும் உள்ளே இருப்பதைப் பார்த்துப் புரிந்துகொண்டு படத்தைக் காட்டிவிடும். ஆனால் பிற்பாடு அந்தப் பக்கத்து சர்வரில் உங்கள் படத்தை எடுத்து பிடிஎஃப்பில் ஒட்டும் நிரல், "இது ஜேபிஜி" என்று நம்பிப் பிரிக்கப் பார்க்கும், பிரியாது. பெட்டி காலியாகிவிடும். உள்ளடக்கத்தையும் சேர்த்துச் சோதிக்கும் படிவம் உடனே "invalid file" என்று திருப்பி அனுப்பிவிடும், உண்மையில் அதுதான் நமக்கு நல்லது செய்கிற படிவம்.

உங்கள் கோப்பு உண்மையில் என்ன என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். கோப்பை ஒரு நகல் எடுத்து, நகலை நோட்பேடில் திறங்கள். கிறுக்கல் மாதிரிதான் வரும், முதல் வரியை மட்டும் பாருங்கள். RIFF என்று தொடங்கி கொஞ்சம் தள்ளி WEBP என்று இருந்தால், பெயர் என்ன சொன்னாலும் அது வெப்பிதான். JFIF அல்லது Exif என்று தெரிந்தால் ஜேபிஜி. PNG என்ற எழுத்துகள் ஆரம்பத்திலேயே தெரிந்தால் பிஎன்ஜி. பார்த்துவிட்டு எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள், நோட்பேடில் Save அமுக்கினால் படம் கெட்டுவிடும். நகல் எடுக்கச் சொன்னதும் அதற்காகத்தான். அந்தத் தங்கச்சியின் கோப்பில் முதல் நான்கு எழுத்து RIFF. அவருக்கே காட்டினேன்.

இதே தவறு வேறு வேஷத்திலும் வரும். படத்தின் மேல் வலது பொத்தானை அமுக்கி "Save image as" கொடுக்கும்போது, அந்தப் பெட்டியிலேயே "All Files" தேர்ந்தெடுத்து photo.jpg என்று அடிப்பார்கள். அதுவும் பெயர் மாற்றம்தான், வேறொன்றும் இல்லை. இன்னொன்று, விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் வால் எழுத்துகளை மறைத்து வைத்திருக்கும். நீங்கள் photo என்பதை photo.jpg என்று மாற்றியதாக நினைப்பீர்கள், உள்ளே அது photo.jpg.webp ஆகியிருக்கும். "ஜேபிஜின்னுதான் இருக்கு, ஏன் வாங்க மாட்டேங்குது" என்று சண்டை போடுபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. விண்டோஸ் 11 என்றால் கோப்புறையில் View, அப்புறம் Show, அதற்குள் "File name extensions" என்பதை டிக் செய்துவிட்டால் முழுப் பெயரும் தெரியும்.

வெப்பி எதற்கு வருகிறது என்று கேட்பார்கள். 2010-ல் கூகுள் கொண்டுவந்தது. அதே தரத்துக்கு ஜேபிஜியைவிட 25 முதல் 34 சதவீதம் சின்னதாக இருக்கும் என்று அவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அதனால் தளங்கள் அதையே அனுப்ப விரும்புகின்றன, உங்கள் பிரவுசர் வெப்பி வாங்கும் என்று சொல்வதால், முகவரியில் .jpg என்று இருந்தாலும்கூட வெப்பியே வந்து இறங்கலாம். ஸ்டுடியோக்காரர் மேல் தப்பில்லை.

சரி, ஒழுங்காக மாற்றுவது எப்படி? பெயரை மாற்றியிருந்தால் முதலில் பழையபடி .webp என்று ஆக்குங்கள். விண்டோஸில் பெயிண்ட் போதும். வலது பொத்தான், Open with, Paint. திறந்ததும் File, Save as, "JPEG picture". அவ்வளவுதான். திறக்க மறுத்தால் மைக்ரோசாப்ட் ஸ்டோரில் "WebP Image Extensions" என்று இலவசமாக இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுத் திரும்ப முயலுங்கள். போனில் செய்வதாக இருந்தால் குரோமில் squoosh.app என்கிற ஸ்கூஷ் தளத்துக்குப் போங்கள். படம் எங்கும் ஏறாது, உங்கள் போனுக்குள்ளேயே மாறும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கூகுளில் தேடி முதலில் வரும் ஏதோ ஒரு கன்வெர்ட்டர் தளத்தில் போட்டோ, கையெழுத்து, ஆதார் மூன்றையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். முகமும் கையெழுத்தும் அடையாள எண்ணும் சேர்ந்து யாரென்றே தெரியாத ஒருவர் சர்வரில் போய் உட்கார வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த தவறு, "பிஎன்ஜிதான் குவாலிட்டி" என்று நினைத்து முகப்படத்தை பிஎன்ஜியாக மாற்றுவது. பிஎன்ஜி எதையும் இழக்காமல் ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே வைத்திருக்கும், அதனால் முகத்தோல், முடி, துணி மடிப்பு இருக்கும் போட்டோவில் கோப்பு ஊதிப்போகும். அதே சமயம் வெப்பி ஆகும்போது ஏற்கெனவே போன நுணுக்கம் ஒன்றும் திரும்பி வராது. அந்தத் தங்கச்சியின் படம் 826க்கு 1062 பிக்சல், வெப்பியாக 74 கேபி. பிஎன்ஜி ஆக்கிக் காட்டினேன், ஒரு எம்பியைத் தாண்டியது. படிவம் கேட்டதோ 20 முதல் 50 கேபி. ஜேபிஜியாக மாற்றியபோதும் 190 கேபி வந்தது. இங்கேதான் பலர் தரத்தைக் குறைத்துக் குறைத்து முகத்தைக் கட்டம் கட்டமாக ஆக்குகிறார்கள். தரத்தைத் தொடாமல் பிக்சலைப் பாதியாக்குங்கள். 413க்கு 531 ஆக்கினேன். 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் பாஸ்போர்ட் போட்டோவை அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சிட அந்த அளவே போதும். ஸ்கூஷில் தரம் 85 வைத்தேன், 44 கேபி. முகம் தெளிவாக இருந்தது. பெயிண்டில் தரத்தை மாற்ற வழியே கிடையாது, Resize மட்டும்தான், அதில் "Maintain aspect ratio" டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபிபிஎஸ் வங்கித் தேர்வு மாதிரி 200க்கு 230 பிக்சல் கேட்கும் இடங்களில் முதலில் மேலும் கீழும் வெட்டிவிட்டுப் பிறகு சிறிதாக்க வேண்டும். வெட்டாமல் அந்த எண்களை அப்படியே அடித்தால் முகம் அகலமாகிவிடும்.

மாற்றுவதையும் சிறிதாக்குவதையும் மூல வெப்பியிலிருந்து ஒரே தடவையில் செய்யுங்கள். அளவு சரியாக வரவில்லை என்றால், வந்த ஜேபிஜியையே மறுபடி மறுபடி சேமிக்காமல் வெப்பிக்கே திரும்பிப் போங்கள், ஒவ்வொரு சேமிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். 20 கேபிக்குக் கீழே போய்விட்டாலும் நிராகரிப்பார்கள், அப்போது தரத்தை ஏற்றுங்கள்.

கையெழுத்தில் வரும் சிக்கல் வேறு. அதே நாள் அந்தத் தங்கச்சியின் கையெழுத்தும் வெப்பியாகத்தான் இருந்தது, ஏதோ ஒரு செயலியில் பின்னணியை நீக்கி எடுத்தது. ஜேபிஜி ஆக்கியிருக்கிறார், முழுக்க ஒரு கருப்புச் செவ்வகம். கையெழுத்தே காணாமல் போய்விட்டது என்று பயந்துவிட்டார். நடந்தது இதுதான்: வெப்பியும் பிஎன்ஜியும் "இந்த இடம் கண்ணாடி மாதிரி" என்ற தகவலை வைத்திருக்கும், ஜேபிஜிக்கு அந்த வசதியே கிடையாது. கண்ணாடியாகத் தெரிந்த புள்ளிகளுக்கு அடியில் பெரும்பாலும் கருப்பு நிறம் எழுதப்பட்டிருக்கும். மாற்றும் கருவி அந்தத் தகவலைத் தூக்கிப் போட்டுவிட்டால் அடியில் இருந்த கருப்பு மேலே வந்துவிடும், கருப்பு மையும் அதில் கலந்துவிடும். ஆகவே மாற்றும்போதே அடியில் வெள்ளை வைக்க வேண்டும். எங்கள் கணினியில் இமேஜ்மேஜிக் என்கிற படம் மாற்றும் நிரல் இருப்பதால் நான் இந்தக் கட்டளையை அடித்தேன்:

```
magick sign.webp -background white -flatten -quality 90 sign.jpg
```

அது இல்லாதவர்கள் வெள்ளைத் தாளில் கருப்பு மையால் கையெழுத்துப் போட்டு, நிழல் விழாமல் போனில் படம் எடுத்து, வெட்டி ஜேபிஜியாக வைத்துக்கொள்வதே சுலபம். பின்னணியை நீக்கும் செயலி இதற்குத் தேவையே இல்லை.

இரண்டையும் திருத்தப் பக்கத்தில் ஏற்றினோம். பிரிவியூவில் முகம் தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், உட்காரச் சொன்னேன். சமர்ப்பித்து, விண்ணப்பத்தின் பிடிஎஃப்பை இறக்கி, பெரிதாக்கிப் பார்த்தோம். பெட்டிக்குள் முகமும் அதற்குக் கீழே கையெழுத்தும் இருந்தது. ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.