முதற்கோடு இல்லாத திருசியத்திலிருந்து HCl இன் பிணைப்பு நீளம்

ஈரணு மூலக்கூற்றின் சுழற்சித் திருசியத்தில் அடுத்தடுத்த கோடுகளின் இடைவெளி 2B என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் பரீட்சைத் தாளிலும் ஆய்வுகூடத் தரவிலும் J = 0 இலிருந்து தொடங்கும் கோடு பெரும்பாலும் இருக்காது. இடைவெளியும் சமமாக இருக்காது. இந்த இரண்டு இடங்களில்தான் கணக்கு பிழைக்கிறது.

H³⁵Cl இற்கு இந்த நான்கு கோடுகள் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம், அலையெண் cm⁻¹ இல்: 83.39, 104.14, 124.83, 145.44.

முதலில் கோடுகளுக்கு எண் கொடுக்க வேண்டும். முதல் இடைவெளி 20.75. 83.39 ஐ அதனால் வகுத்தால் 4.02 வருகிறது. ஆகவே இது நான்காவது கோடு, அதாவது J = 3 இலிருந்து 4 இற்குப் போகும் தாவல். விடை முழு எண்ணுக்கு மிக அருகில் வராவிட்டால் மேலே போகாதீர்கள். நடுவில் ஒரு கோடு விடுபட்டிருக்கலாம், அல்லது அது HCl இன் கோடே அல்ல.

இந்த இரண்டாவது சந்தேகம் மலையகத்தில் வெறும் சந்தேகம் அல்ல. இதே பகுதியில் நீராவிக்கும் பலமான சுழற்சிக் கோடுகள் உண்டு. மழைக்காலத்தில் பேராதனைப் பக்கமோ நுவரெலியாப் பக்கமோ கருவியை உலர் நைதரசனால் நன்கு ஊதி வெளியேற்றாமல் பதிவெடுத்தால் அவை கட்டாயம் தலைகாட்டும். நீர் மூலக்கூற்றின் மூன்று சடத்துவத் திருப்பங்களும் வெவ்வேறானவை என்பதால் அதன் கோடுகள் ஒழுங்கற்ற இடைவெளியில் விழும். அதை வைத்தே பிரித்தறியலாம். வெற்றுக் கலத்துடன் ஒரு பதிவும் எடுத்து வையுங்கள். 400 cm⁻¹ உடன் நின்றுவிடும் சாதாரண அகச்சிவப்புக் கருவியில் இந்தக் கோடுகள் எவையும் வராது. தூர அகச்சிவப்புக் கருவி வேண்டும்.

இனி இடைவெளிகளைப் பாருங்கள்: 20.75, 20.69, 20.61. சிறிது சிறிதாகக் குறைகிறது. இது அளவீட்டு வழு அல்ல. மூலக்கூறு வேகமாகச் சுழலச் சுழல பிணைப்பு கொஞ்சம் நீள்கிறது, சடத்துவத் திருப்பம் கூடுகிறது, சக்தி மட்டங்கள் பிணைப்பு நீளாமல் இருந்தால் அமைவதைவிட நெருக்கமாக அமைகின்றன. பலரும் இங்கே மூன்றையும் சராசரி எடுத்து, 20.68 ஐப் பாதியாக்கி B = 10.34 என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிணைப்பு நீளம் 1.290 Å என்று கூடிப்போகும்.

சரியான வழி, இந்த நீட்சியைக் கணக்கில் எடுக்கும் D என்ற மாறிலியையும் சேர்த்த இந்தச் சமன்பாடு:

```
ν = 2B(J+1) − 4D(J+1)³
ν/(J+1) = 2B − 4D(J+1)²
```

இரண்டாவது வரி ஒரு நேர்கோடு. ஒவ்வொரு அலையெண்ணையும் அதன் (J+1) ஆல் வகுங்கள்: 20.848, 20.828, 20.805, 20.777. இவற்றை (J+1)² இற்கு, அதாவது 16, 25, 36, 49 இற்கு எதிரே வரையுங்கள். முதலில் வரைபுத்தாளில் கையால் வரைவதே நல்லது. ஒரு கோட்டுக்குப் பிழையான எண் கொடுத்திருந்தால் அந்தப் புள்ளி விலகி நிற்பது கண்ணுக்கு உடனே தெரியும். விரிதாள் அதையும் சேர்த்து ஒரு விடையைத் தந்துவிடும். பிறகு, எண்களைச் சரிபார்க்க:

```
=INTERCEPT(B1:B4,A1:A4)
=SLOPE(B1:B4,A1:A4)
```

A நிரலில் (J+1)², B நிரலில் ν/(J+1). வெட்டுத்துண்டு ஏறத்தாழ 20.88, ஆகவே B = 10.44 cm⁻¹. படித்திறன் ஏறத்தாழ −0.00213, ஆகவே D சுமார் 5.3 × 10⁻⁴ cm⁻¹.

அடுத்தது சடத்துவத் திருப்பம்:

```
I = h/(8π²cB) = 2.681 × 10⁻⁴⁷ kg m²
```

B ஐ cm⁻¹ இல் வைத்தால் c ஐயும் 2.998 × 10¹⁰ cm s⁻¹ என்றே போட வேண்டும். மீற்றரில் போட்டால் I நூறு மடங்காகி, பிணைப்பு நீளம் பத்து மடங்காக, 12.8 Å என வரும். விடையைப் பார்த்ததுமே அந்தப் பிழை புரிந்துவிடும்.

குறைக்கப்பட்ட திணிவு μ ஐ ஒரு மூலக்கூற்றுக்குக் கணிக்க வேண்டும். 1.0078 ஐயும் 34.969 ஐயும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.9796; அதை 1.6605 × 10⁻²⁷ ஆல் பெருக்கினால் 1.627 × 10⁻²⁷ kg. கிராமை கிலோகிராமாக்க மறந்தால் நீளம் 0.04 Å எனச் சுருங்கிவிடும். குளோரீனுக்கு 35.45 போடாதீர்கள், அது இரண்டு சமதானிகளின் சராசரி, அந்தத் திணிவுள்ள குளோரீன் அணு எதுவுமே இல்லை. பிரிதிறன் நல்லதானால் ஒவ்வொரு கோட்டுக்கும் சற்றுக் கீழே H³⁷Cl இன் மெலிந்த கோடு தெரியும், 83.39 இல் அந்த இடைவெளி சுமார் 0.13 cm⁻¹. எல்லாக் கோடுகளிலும் ஒரே சமதானியையே எடுங்கள்.

```
r = √(I/μ) = 1.284 × 10⁻¹⁰ m
```

புத்தகத்தில் 1.275 Å என்று பார்த்துவிட்டுக் கணக்கு பிழை என்று அழிக்க வேண்டாம். அது சமநிலைத் தூரம், அதிர்வே இல்லாத நிலைக்குரியது. இங்கே கிடைத்தது மிகத் தாழ்ந்த அதிர்வு மட்டத்தில் உள்ள மூலக்கூற்றின் நீளம். அந்த மட்டத்திலும் அதிர்வு ஓய்வதில்லை, சராசரித் தூரம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சமநிலைத் தூரம் வேண்டுமானால் மேலதிக அதிர்வு மட்டமொன்றின் B யும் தேவை. இந்த நான்கு கோடுகளை மட்டும் வைத்து அதைப் பெற முடியாது.