மனநிலைப் பரிசோதனைக் குறிப்பில் நடக்கும் தவறுகள்: ஒரு ஆச்சியின் பக்கத்தை வைத்து

காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தனியாக வசிக்கும் 68 வயது ஆச்சியை, அவருடைய நாத்தனார் மகன் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வந்தார். கணவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். முதலாண்டுப் பயிற்சி மருத்துவர் ஒருவர் அரை மணி நேரம் பேசிவிட்டு எம்.எஸ்.இ. என்ற மனநிலைப் பரிசோதனைக் குறிப்பை எழுதிக் கொண்டுவந்தார். ஆச்சியை யாரென்று கண்டுபிடிக்க முடியாதபடி விவரங்களை மாற்றிவிட்டு, அந்தப் பக்கத்தைத் தமிழில் தருகிறேன்:

"அழுக்கான உடை. ஒத்துழைக்கவில்லை. மனச்சோர்வு. அஃபெக்ட் மழுங்கியுள்ளது. இரவில் தூங்காமல் நடமாடுகிறார். காதில் குரல் கேட்கிறது. தற்கொலை எண்ணம் உண்டு. தேதி தெரியவில்லை. கவனம் குறைவு. இன்சைட் இல்லை."

இதை மட்டும் படிக்கும் இன்னொரு மருத்துவர் அன்றைக்கே மனச்சிதைவுக்கான மாத்திரையைத் தொடங்கிவிடுவார். அந்த வயதில் அந்த மாத்திரை என்றால் தள்ளாட்டம், தூக்கக் கலக்கம், விழுந்து இடுப்பு முறிவது என்று பின்னால் வரிசையாக வரலாம். அதனால் நானும் பயிற்சி மருத்துவரும் திரும்பப் போய் ஆச்சியின் எதிரில் உட்கார்ந்தோம். பக்கம் எப்படி மாறியது என்பதைச் சொன்னால் தவறுகள் தாமாகத் தெரியும்.

தோற்றமும் நடத்தையும்

"அழுக்கான உடை" என்று எழுதினால், தன்னைக் கவனிப்பதையே விட்டுவிட்டவர் என்ற படம் வாசிப்பவர் மனதில் வந்துவிடும். ஆச்சி உடுத்தியிருந்தது வெளுத்துப்போன கண்டாங்கிச் சேலை. இடது தோளில் காய்ந்த குழம்புக் கறை ஒன்று. தலை வாரிக் கொண்டை போட்டிருந்தார், நகம் வெட்டியிருந்தது, நெற்றியில் திருநீறு. கறையை எழுதுங்கள், கொண்டையையும் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர் தானே முடிவு செய்துகொள்வார்.

அடுத்தது "ஒத்துழைக்கவில்லை". எதைக் கேட்டபோது, என்ன செய்தார்? பயிற்சி மருத்துவர் ஆச்சியின் இடது பக்கம், சத்தம் போடும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். நான் வலது பக்கம் போய்ச் சற்று உரக்கக் கேட்டதும் பதில் உடனே வந்தது. இடது காது ஏறக்குறைய அடைத்தே போயிருந்தது. இந்த ஒன்று மட்டும் பல வரிகளைக் கெடுத்துவிட்டது. வயதான காலத்தில் காது மந்தமாவதற்கும், குரல் கேட்பது, அடுத்தவர் மேல் சந்தேகம் வருவது போன்றவற்றுக்கும் தொடர்பு உண்டு. அதனால் இது சும்மா ஓரத்தில் குறித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. திருத்திய வரி: "இடது பக்கமிருந்து கேட்டபோது பதில் இல்லை, தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினார். வலது பக்கமிருந்து கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். கண்ணைப் பார்த்துப் பேசினார்."

"இரவில் தூங்காமல் நடமாடுகிறார்" என்ற வரி இந்தப் பக்கத்தில் இருக்கவே கூடாது. அதைச் சொன்னவர் நாத்தனார் மகன். எம்.எஸ்.இ. என்பது இன்று, இந்த அறையில், நம் கண்ணும் காதும் பிடித்தது மட்டும். வீட்டார் சொன்னது நோய் வரலாற்றுக்குப் போகட்டும், சொன்னவர் யார் என்ற குறிப்போடு. இந்தக் கோடு கலைந்தால், இரண்டு வாரம் கழித்து நிலைமை மாறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

மூட், அஃபெக்ட்

மூட் என்பது அவர் தன் மனநிலையைப் பற்றிச் சொல்வது. அஃபெக்ட் என்பது பேச்சின்போது நாம் காண்பது. பயிற்சி மருத்துவர்கள் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள்.

மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ஆச்சி சொன்னது இது: "வளவு முழுக்க வெறிச்சுன்னு கெடக்கு தம்பி. என் மனசும் அப்பிடித்தான் கெடக்கு." இது குறிப்பில் வரும்போது "டிப்ரஸ்டு" என்று ஆகியிருந்தது. குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த வாக்கியத்தை அவர் சொன்ன தமிழிலேயே மேற்கோள் குறிக்குள் போடுங்கள், பொருளை அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம். "வெறிச்சுன்னு" என்பதும் "பாரமா இருக்கு" என்பதும் ஒன்றில்லை. அடுத்த முறை "இப்பப் பரவால்ல" என்று அவர் சொன்னால், எதிலிருந்து பரவாயில்லை என்பதற்கு அந்தச் சொல்தான் சாட்சி.

அஃபெக்ட்டுக்கு வருவோம். மழுங்கியது என்றால் பேச்சு எங்கே போனாலும் முகம், குரல், கை மூன்றிலும் அசைவு குறைந்தே இருக்க வேண்டும். ஆச்சி கணவரைப் பற்றிப் பேசும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், ஒரு நிமிடத்தில் தானே நிறுத்தினார். பேத்தி போனில் பாட்டுப் பாடிக் காட்டியதைச் சொல்லும்போது சிரித்தார். ஆகவே: "பெரும்பாலும் சோகம். பேச்சுக்கு ஏற்ப மாறுகிறது. சொல்வதற்கும் முகத்துக்கும் பொருத்தம் உண்டு." பயிற்சி மருத்துவர் பேத்தியைப் பற்றிக் கேட்கவில்லை. சோகமான கேள்விகள் மட்டும் கேட்டுவிட்டு அஃபெக்ட் சுருங்கியிருக்கிறது என்று எழுதுவது அடிக்கடி நடக்கிற தவறு.

குரல்

இங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்தோம். "காதில் குரல் கேட்கிறது" என்ற வரியில், கேட்க வேண்டிய எதுவும் கேட்கப்பட்டிருக்கவில்லை. யார் குரல்? வெளியிலிருந்து காதில் விழுகிறதா, மனதுக்குள் ஒலிக்கிறதா? எந்த நேரத்தில்? முழு விழிப்பிலா, தூக்கம் வரும் நேரத்திலா? அவரிடம் நேராகப் பேசுகிறதா, அவரைப் பற்றி வேறொருவரிடம் பேசுகிறதா? ஏதாவது செய்யச் சொல்கிறதா? கேட்டால் அவர் என்ன செய்கிறார்?

ஒவ்வொன்றாகக் கேட்டோம். "அவுகதான் தம்பி. வெளக்கு வெச்சப்பறம் முகப்புல இருந்து என் பேரச் சொல்லிக் கூப்புடுவாக. எந்திரிச்சுப் போய்ப் பாப்பேன், யாரும் இருக்க மாட்டாக. மனசு கேக்காம வந்து உக்காந்துக்குவேன்." வாரத்தில் இரண்டு மூன்று முறை, பெயர் மட்டும். கட்டளை இல்லை, அவரைப் பற்றிய பேச்சு இல்லை, பயமும் இல்லை.

துணையை இழந்தவர்களுக்கு இது அபூர்வம் இல்லை. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் 1971-ல் வெளியிட்ட ஆய்வில், துணையை இழந்த 293 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவரின் இருப்பை ஏதாவது ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். அதற்காக இதை எழுதாமல் விடக்கூடாது. நடந்ததை அப்படியே எழுதி, அர்த்தத்தைக் கடைசியில் வரும் மருத்துவக் கருத்துப் பகுதிக்கு விட்டுவிட வேண்டும்.

அர்த்தம் சொல்லும் இடத்திலும் ஊரை மறக்கக் கூடாது. நகரத்தார் வீடுகளில் இறந்த முன்னோருக்குப் படைப்பு வைப்பது வழக்கம். "அடுத்த படைப்புல அவுகளுக்குப் பிடிச்சத வெக்கணும்னுதான் கூப்புடுறாகளோ என்னமோ" என்று ஆச்சி சொன்னதைப் பயிற்சி மருத்துவர் டெல்யூஷன் என்று எழுதலாமா என்று கேட்டார். ஒரு நம்பிக்கை டெல்யூஷன் ஆக வேண்டுமென்றால் அது அவருடைய குடும்பமும் ஊரும் நம்புவதோடு ஒட்டாமல் இருக்க வேண்டும், எடுத்துச் சொன்னாலும் அசையாமல் நிற்க வேண்டும். ஆச்சி "என்னமோ" என்று தானே சந்தேகத்தோடு முடிக்கிறார், கூட வந்த நாத்தனார் மகனும் தலையாட்டுகிறார். படைப்பைப் பற்றித் தெரியாதவர் வெளியூரிலிருந்து வந்திருந்தால், கூட வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே போதும்.

"பேசுவதாகச் சொல்லிக்கொள்கிறார்" என்று எழுதுவதும் வேண்டாம். "சொல்லிக்கொள்கிறார்" என்றாலே நாம் நம்பவில்லை என்று ஆகிவிடுகிறது. "சொல்கிறார்" போதும். "உளறுகிறார்", "அடம்பிடிக்கிறார்", "நடிக்கிறார்" எல்லாம் இதே கணக்கில் சேரும்.

சாவைப் பற்றிய பேச்சு

"தற்கொலை எண்ணம் உண்டு" என்ற வரிக்குப் பின்னால் இருந்தது இந்த வாக்கியம்: "அவுக போன எடத்துக்கே நானும் போயிட்டா நல்லாருக்கும்." இது சாவு வந்தால் தேவலை என்ற நினைப்பு. தானே உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வேறு, திட்டம் வேறு, அதற்கு ஏற்பாடு செய்திருப்பது வேறு. நான்கையும் தனித்தனியாக, நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நாத்தனார் மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டோம்.

திருத்திய வரி: "சாவு வந்தால் நல்லது என்று நினைப்பதாகச் சொன்னார், வாரத்தில் பல நாள். தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் உண்டா என்று கேட்டதற்கு, 'சீ, பேத்தி கல்யாணத்தப் பாக்கணும் தம்பி' என்றார். திட்டம், ஏற்பாடு, முன்பு முயன்றது எதுவும் இல்லை என்றார்." கேள்வியும் பதிலும் இரண்டுமே பக்கத்தில் இருக்கின்றன. வெறுமனே "இல்லை" என்று எழுதியிருந்தால் அது கேட்டு வந்த இல்லையா, கேட்காமல் விட்ட இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

அறிதிறன்

பயிற்சி மருத்துவர் ஆங்கிலத் தேதியைக் கேட்டிருக்கிறார், ஆச்சிக்குத் தெரியவில்லை. நான் இன்றைக்கு என்ன நாள் என்று மட்டும் கேட்டேன். "ஆவணி பத்து, செவ்வாக்கெழமை. நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி." சுவரில் தொங்கிய நாட்காட்டியோடு ஒத்துப்போனது. ஆச்சியின் நாட்கள் தமிழ் மாதத்தில் நடக்கின்றன, அவ்வளவுதான்.

கவனத்துக்கு 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னோம், இந்த முறை வலது காதின் பக்கம் இருந்து. 93, 86, 79, 72, 65. நாற்பது வினாடி, பிழை இல்லை. எட்டாவது வரை படித்தவர். மூன்று சொற்களை ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டைச் சொன்னார், மூன்றாவது குறிப்புக் கொடுத்ததும் வந்தது. இதை இப்படியே, எண்ணோடு எழுதுங்கள். "அறிதிறன் சரி" என்றோ "குறைவு" என்றோ எழுதினால், ஆறு மாதம் கழித்து மறதி கூடியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்சைட்

இன்சைட் என்பது தனக்கு நோய் இருப்பதை அவர் எந்த அளவுக்கு உணர்கிறார் என்பது. நம் ஊரில் அதற்கு ஒன்று முதல் ஆறு வரை தரம் போட்டு எழுதுவது பழக்கம். எண்ணைப் போடலாம், ஆனால் எண்ணுக்கு முன்னால் அவருடைய வார்த்தை இருக்கட்டும். ஆச்சி சொன்னார்: "இது நோவான்னு தெரியல. ஒத்தையில கெடந்தா இப்பிடித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். தூக்கத்துக்கு மருந்து குடுத்தா சாப்புடுறேன்." நோய் என்று ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஏதோ மாறியிருக்கிறது என்று தெரிகிறது, காரணம் சொல்கிறார், சிகிச்சைக்கும் சம்மதம். "இன்சைட் இல்லை" என்ற வரியில் இவ்வளவும் காணாமல் போயிருந்தது.

அன்று ஆச்சிக்கு மனச்சிதைவு மாத்திரை எதுவும் எழுதவில்லை. காதுப் பிரிவுக்கு அனுப்பினோம். இடது காதில் இறுகிப்போன குறும்பியை எடுத்தார்கள். துக்கத்தைப் பற்றிப் பேச இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொன்னோம், பிள்ளைகளிடம் போனில் பேசினோம். அடுத்த வருகையில் வேறொரு பயிற்சி மருத்துவர் பார்த்தார். அவர் முதலில் பழைய பக்கத்தைப் படித்துவிட்டு, மூட் என்ற தலைப்பின் கீழ் எழுதினார்: "போன முறை 'வெறிச்சுன்னு கெடக்கு' என்றவர், இன்று: 'பகல்ல பரவால்ல தம்பி, வெளக்கு வெச்சாத்தான் கஷ்டம்.' பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் இரண்டு வாரத்தில் ஒரு முறை."